கடை கட்ட மனை வாங்குறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் 'நில உபயோகச் சான்று' கேளுங்க!

"மெயின் ரோட்டு இடம் சார், பக்கத்துலயே நாலு கடை இருக்கு, பட்டா கிளியர், வில்லங்கம் இல்லை." கடை வைக்க மனை தேடும் எல்லோரும் கேட்கும் வசனம் இது. புரோக்கர் சொல்வது அத்தனையும் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அந்த இடத்தில் கடை கட்ட அனுமதி கிடைக்காமல் போகலாம். ஏனென்றால் நிலம் யாருடையது என்பது ஒரு கேள்வி. அந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்பது வேறு கேள்வி. பட்டாவும் பத்திரமும் முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்லும். இரண்டாவது கேள்விக்கு எழுத்துப்பூர்வமான பதில், நில உபயோகச் சான்று.

அது என்ன, யாரிடம் கேட்பது, எப்படி விண்ணப்பிப்பது, வந்த பிறகு எப்படிப் படிப்பது? பார்க்கலாம்.

நில உபயோகம் என்றால் என்ன?

தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம், 1971-ன் கீழ் நகரங்களுக்கு 'முழுமைத் திட்டம்' தயாரிக்கப்படுகிறது. மாஸ்டர் பிளான் என்று சொல்கிறோமே, அதுதான். ஊர் எப்படி வளர வேண்டும் என்று முடிவு செய்து, ஒவ்வொரு சர்வே எண்ணும் எந்த மண்டலத்தில் வருகிறது என்று இதில் வரைபடமாகவே குறித்து வைத்திருப்பார்கள்.

சென்னைப் பெருநகருக்கான இரண்டாவது முழுமைத் திட்டம் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதில் முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், திறந்தவெளி மற்றும் பொழுதுபோக்கு, வேளாண்மை என்று பல மண்டலங்கள் உள்ளன. கோவை, மதுரை, திருச்சி போன்ற ஊர்களுக்கும் தனித்தனியாக முழுமைத் திட்டங்கள் இருக்கின்றன.

எந்த மண்டலத்தில் என்ன கட்டலாம் என்பதை, 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் சொல்கின்றன. ஆக, சான்று மண்டலத்தைச் சொல்லும். விதிகள் அந்த மண்டலத்தில் உங்கள் தொழிலுக்கு இடம் உண்டா என்று சொல்லும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழு பதில் கிடைக்கும்.

'பட்டாவிலேயே மனைன்னு போட்டிருக்கே?'

குழப்பம் தொடங்குவதே இங்கேதான். பட்டா, சிட்டாவில் வரும் நன்செய், புன்செய், நத்தம், மனை போன்றவை வருவாய்த் துறையின் வகைப்பாடு. நிலவரிக்கும் உரிமைக்கும் ஆன பதிவேடு அது. முழுமைத் திட்டத்தின் மண்டலம் நகர் ஊரமைப்புத் துறையின் விஷயம். ஒன்று மாறினால் மற்றொன்று தானாக மாறாது.

அதனால் பட்டாவில் 'புன்செய்' என்று இருக்கும் நிலம் முழுமைத் திட்டத்தில் வணிக மண்டலத்தில் இருக்கலாம். பட்டாவில் 'மனை' என்று இருக்கும் இடம் வெறும் குடியிருப்பு மண்டலமாகவும் இருக்கலாம்.

இதேபோல விற்பவர்கள் காட்டும் வேறு சில 'ஆதாரங்களும்' உண்டு. வணிக மின் இணைப்பு இருக்கிறது என்பார்கள். உள்ளாட்சிக்குக் கடை என்று சொத்து வரி கட்டிய ரசீதை நீட்டுவார்கள். பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பில் 'வணிகம்' என்று இருப்பதைக் காட்டுவார்கள். இவை எல்லாம் இப்போது அந்த இடம் எப்படிப் பயன்படுத்தப்படுகிறது, அதற்கு என்ன கட்டணம் என்பதற்கான பதிவுகள்தான். வரி கட்டியதால் விதிமீறல் சரியாகிவிடாது.

பக்கத்தில் கடை இருப்பதும் சான்று ஆகாது. அது முழுமைத் திட்டம் வரும் முன்பே கட்டியதாக இருக்கலாம், அனுமதி இல்லாமல் ஓடுவதாக இருக்கலாம், அல்லது அந்த சர்வே எண்ணுக்கு மட்டும் மண்டல மாற்றம் வாங்கியிருக்கலாம். பக்கத்து மனைக்குக் கிடைத்தது உங்கள் மனைக்கும் கிடைக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இன்னொன்று: பத்திரப் பதிவு முடிந்துவிட்டதே என்றும் நிம்மதி அடைய முடியாது. அங்கீகாரம் இல்லாத வீட்டு மனைகளைப் பதிவு செய்யத் தடை இருக்கிறது, அது வேறு. 'இந்த இடத்தில் ஓட்டல் கட்டலாமா?' என்று பார்ப்பது சார்பதிவாளரின் வேலை அல்ல. கிரயம் சுமுகமாகப் பதிவாகிவிடும். சிக்கல் தெரிவது, பிளான் அப்ரூவலுக்குப் போகும்போதுதான்.

எந்த அலுவலகத்தில் கேட்பது?

இடம் எந்த எல்லையில் வருகிறது என்பதைப் பொறுத்தது இது.

சென்னைப் பெருநகர எல்லைக்குள் என்றால் எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில் உள்ள சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், அதாவது சிஎம்டிஏ. 2022 அக்டோபரில் இந்த எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரில் இருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்க அரசு உத்தரவிட்டது. எனவே புறநகரின் ஓரத்தில் இருக்கும் கிராமம் என்றால், எந்த அலுவலகம் என்பதை முதலில் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

மற்ற மாவட்டங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின், அதாவது டிடிசிபியின் மாவட்ட அலுவலகம். திட்டப் பகுதியாக அறிவிக்கப்பட்ட ஊர்களில் உள்ளூர் திட்டக் குழுமம் இருக்கும்.

முழுமைத் திட்டமே இல்லாத கிராமங்களில் கதை வேறு. அங்கே மண்டலம் என்று ஒன்று கிடையாது. ஆனால் விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற, அதே சட்டத்தின் 47-ஏ பிரிவின் கீழ் அனுமதி வேண்டும். நன்செய் என்றால் மாவட்ட ஆட்சியரின் ஒப்புதல் வரை போக வேண்டியிருக்கும். நான்குவழிச் சாலை ஓரத்தில் வயலை வாங்கி ஓட்டல் கட்ட நினைப்பவர்கள் தவறவிடக் கூடாத இடம் இது.

விண்ணப்பத்தில் என்ன இருக்க வேண்டும்?

சிஎம்டிஏ எல்லைக்குள் என்றால், முதலில் அதன் இணையதளத்தில் (cmdachennai.gov.in) கிராமம், சர்வே எண் கொடுத்து நில உபயோகத்தைப் பார்க்க முடியும். முதல் வடிகட்டலுக்கு இது போதும். ஆனால் லட்சக்கணக்கில் பணம் கொடுக்கும் முன், கையெழுத்தும் தேதியும் உள்ள சான்றுதான் வேண்டும்.

பொதுவாகக் கேட்கப்படும் ஆவணங்கள் இவை: விற்பவரின் கிரயப் பத்திர நகல், பட்டா, எஃப்எம்பி எனப்படும் புலப்பட நகல், இடத்தைச் சுற்றியுள்ள சாலைகளைக் காட்டும் வரைபடம், கட்டணம் செலுத்திய ரசீது. பட்டா நகலையும் புலப்படத்தையும் eservices.tn.gov.in தளத்தில் எடுக்கலாம். நிலம் இன்னும் உங்கள் பெயரில் இல்லை என்பதால், விற்பவரையே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள் அல்லது அவரிடம் ஒரு ஒப்புதல் கடிதம் வாங்கி இணையுங்கள். 'அதெல்லாம் எதுக்கு சார்?' என்று விற்பவர் தயங்கினால், அந்தத் தயக்கமே ஒரு தகவல்தான்.

கடிதத்தின் உள்ளடக்கம் சுருக்கமாக இப்படி இருந்தால் போதும்:

"பொருள்: நில உபயோகச் சான்று கோருதல் தொடர்பாக.

… மாவட்டம், … வட்டம், … கிராமம், சர்வே எண் 112/3பி-யில் உள்ள 2,178 சதுர அடி மனையை உணவகம் கட்டும் நோக்கத்துடன் வாங்க உள்ளேன். மேற்படி சர்வே எண் முழுமைத் திட்டத்தில் எந்த உபயோக மண்டலத்தில் அமைந்துள்ளது, முழுவதும் ஒரே மண்டலத்தில் உள்ளதா, சாலை விரிவாக்கமோ வேறு கட்டுப்பாடுகளோ உள்ளனவா என்ற விவரங்களுடன் நில உபயோகச் சான்று வழங்கக் கேட்டுக்கொள்கிறேன். நில உரிமையாளரின் ஒப்புதல் கடிதமும் ஆவண நகல்களும் இணைக்கப்பட்டுள்ளன."

இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, 'வணிகம்' என்று பொதுவாக விடாமல் 'உணவகம்' என்று தொழிலையே சொல்லியிருக்கிறது. மளிகைக் கடை, கல்யாண மண்டபம், குடோன், பெட்ரோல் பங்க் ஆகிய எல்லாமே பேச்சுவழக்கில் வணிகம்தான். விதிகளில் எல்லாம் ஒன்று அல்ல.

இரண்டு, உட்பிரிவு எண். 112 என்று மட்டும் எழுதினால் பெரிய நிலம் முழுவதற்கும் பொதுவான பதில் வரலாம். உங்களுக்கு வேண்டியது 3பி. முழுமைத் திட்ட வரைபடம் தயாரான பிறகு உட்பிரிவு ஆகியிருந்தால், வரைபடத்தில் பழைய எண்தான் இருக்கும். அப்போது பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைத்துக் காட்டும் விவரத்தை வருவாய்த் துறையில் வாங்கி இணைக்க வேண்டும்.

மூன்று, 'முழுவதும் ஒரே மண்டலமா' என்ற கேள்வி. ஒரே சர்வே எண்ணில் ரோட்டை ஒட்டிய பகுதி வணிகமாகவும், பின்பகுதி குடியிருப்பாகவும் இருக்கலாம். நீங்கள் வாங்கும் துண்டு பின்னால் இருந்தால், முன்பகுதிக்கான பதில் உங்களுக்கு உதவாது.

ஒரு உதாரணக் கணக்கு

சென்னைப் புறநகரில் ஒருவர் சின்ன உணவகம் தொடங்க 5 சென்ட் மனை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முகப்பு 33 அடி, ஆழம் 66 அடி. மொத்தம் 2,178 சதுர அடி. சதுர அடி 3,000 ரூபாய் என்றால் விலை 65 லட்சத்து 34 ஆயிரம். புரோக்கர் 5 லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார்.

அவர் அட்வான்ஸ் கொடுக்காமல் சான்றுக்கு விண்ணப்பிக்கிறார். மூன்று விதமான பதில்கள் வர வாய்ப்பு உண்டு.

முதல் பதில், 'வணிக மண்டலம்'. மண்டலம் பிரச்னை இல்லை. ஆனால் சாலை விரிவாக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முழுமைத் திட்டத்தில் அந்தச் சாலையை அகலப்படுத்தக் குறித்திருந்து, முகப்பில் 5 அடி போகிறது என்றால், 33 அடி முகப்புக்கு 165 சதுர அடி கையை விட்டுப் போகும். திட்ட அனுமதி வாங்கும்போது அந்தப் பகுதியைத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்கச் சொல்வார்கள். 3,000 ரூபாய் வீதம் பார்த்தால் 4 லட்சத்து 95 ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள இடம். விலை பேசும் முன் தெரிந்தால் பேரம் பேசலாம். பிறகு தெரிந்தால் நஷ்டம் வாங்கியவருக்குத்தான்.

இரண்டாவது பதில், 'கலப்புக் குடியிருப்பு'. பதறத் தேவையில்லை. இந்த மண்டலத்தில் வீடுகளோடு கடைகளுக்கும் உணவகங்களுக்கும் விதிகளின் வரம்புக்குள் இடம் உண்டு. திட்டமிடும் கட்டடப் பரப்பு அந்த வரம்புக்குள் வருகிறதா என்று பதிவு பெற்ற பொறியாளரிடம் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

மூன்றாவது பதில், 'முதன்மைக் குடியிருப்பு'. இது முக்கியமாக வீடுகளுக்கான மண்டலம். சிறிய அளவிலான சில தேவைகளுக்கு மட்டுமே இடம் கொடுப்பார்கள். உணவகக் கனவோடு இந்த இடத்தை வாங்கினால், 65 லட்சம் கொடுத்து வீட்டு மனை வாங்கியதாகத்தான் அர்த்தம். அதுவும் ஒருவேளை கடை மனை விலைக்கு!

'மாத்திக்கலாம் சார்' என்றால்?

மூன்றாவது பதில் வந்தால் அடுத்து வரும் வசனம் இதுதான். மண்டல மாற்றத்துக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது என்பது உண்மை. விண்ணப்பிக்க வேண்டும், அதற்கான கட்டணம் கட்ட வேண்டும், பொதுமக்கள் ஆட்சேபம் தெரிவிக்க நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும், அதிகாரிகள் இடத்தை ஆய்வு செய்ய வேண்டும், குழு பரிசீலிக்க வேண்டும். சுற்றிலும் வீடுகள் இருக்கும் தெருவில் ஒரே ஒரு மனையை மட்டும் வணிகமாக மாற்றக் கேட்டால், அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் எதிர்க்கலாம். முடிவில் நிராகரிக்கவும் செய்யலாம்.

அதனால் கேட்க வேண்டியது 'மாற்ற முடியுமா?' என்பது அல்ல. 'மாறாவிட்டால் யாருடைய பணம் மாட்டும்?' என்பதுதான். மாற்ற முடியும் என்று விற்பவர் உறுதியாகச் சொன்னால், மாற்றிக் கொடுத்த பிறகு கிரயம் செய்துகொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள்.

சான்று சொல்லாத விஷயங்கள்

வணிக மண்டலம் என்று சான்று வந்தாலும் நாளைக்கே கட்ட ஆரம்பிக்க முடியாது. நில உபயோகச் சான்று வேறு, திட்ட அனுமதி வேறு.

முக்கியமானது சாலையின் அகலம். கட்டடத்தின் பரப்பும் உயரமும் கூடக் கூட, முன்னால் இருக்க வேண்டிய சாலையின் குறைந்தபட்ச அகலமும் கூடும். மண்டலம் சரியாக இருந்தும், முன்னால் இருப்பது குறுகிய வண்டிப்பாதை என்பதால் அனுமதி கிடைக்காமல் போகும் மனைகள் உண்டு. தார் போட்ட அகலத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். புலப்படத்தில் சாலை எவ்வளவு, நேரில் டேப் பிடித்து அளந்தால் எவ்வளவு, இரண்டையும் பாருங்கள். மனையைச் சுற்றி விட வேண்டிய காலி இடமும், வண்டி நிறுத்தும் இடமும் போக மிச்சம் எவ்வளவு கட்ட முடியும் என்பதையும் பொறியாளரிடம் ஒரு ரஃப் ஸ்கெட்ச் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்து, மண்டலத்துக்கு மேல் விழும் கட்டுப்பாடுகள். சென்னையை எடுத்துக்கொண்டால் கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதி, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய நிலத்தடி நீர் செறிவூட்டும் பகுதி, செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி, பள்ளிக்கரணை சதுப்புநிலப் பகுதி, தாம்பரம் விமானப்படைத் தளத்தை ஒட்டிய பகுதி போன்றவற்றில் கூடுதல் விதிகள் உண்டு. கடிதத்தில் 'வேறு கட்டுப்பாடுகள் உள்ளனவா' என்று சேர்த்துக் கேட்டது இதற்காகத்தான்.

பழைய சான்றை நம்பலாமா?

விற்பவரே ஒரு சான்றை எடுத்து நீட்டினால், நான்கு விஷயங்களைச் சரிபாருங்கள். கிராமத்தின் பெயர் பட்டாவில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா? உட்பிரிவு எண் வரை அதேதானா? தேதி என்ன? கடித எண் இருக்கிறதா? அந்த எண்ணை வைத்து, சான்று கொடுத்த அலுவலகத்திலேயே உண்மையா என்று கேட்கலாம்.

தேதி ஏன் முக்கியம் என்றால், முழுமைத் திட்டங்கள் நிரந்தரம் அல்ல. சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2026 வரைக்குமானது. அடுத்து 2026 முதல் 2046 வரைக்கான மூன்றாவது திட்டம். வரைபடம் மாறும் காலத்தில், சில வருடங்களுக்கு முன் எடுத்த சான்று இன்றைய நிலையைச் சொல்லும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் தேவைக்குப் புதிதாக ஒன்று கேட்டு வாங்குவதே பாதுகாப்பு.

விதியை மீறிக் கட்டினால்?

வீடு கட்ட அனுமதி வாங்கி, கீழ்த்தளத்தில் ஓட்டல் நடத்தினால் என்ன என்று சிலர் நினைக்கலாம். அனுமதித்த உபயோகத்தை மாற்றுவதும் சட்டப்படி விதிமீறல்தான். 1971-ம் ஆண்டு சட்டத்தின் 56, 57 பிரிவுகளின் கீழ் நோட்டீஸ் கொடுக்கவும், பணியை நிறுத்தவும், கட்டடத்துக்கு சீல் வைக்கவும் அதிகாரம் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் ஒரு புகார் போதும், நடவடிக்கை தொடங்க. முதலீடு, ஊழியர்கள், வங்கிக் கடன் எல்லாம் வந்த பிறகு சீல் வந்தால், மனை விலையோடு நஷ்டம் நிற்காது.

அட்வான்ஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்றால்?

'இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க' என்று நெருக்கினால், இடத்தை விட மனசில்லை என்றால், குறைந்த தொகையில் கிரய ஒப்பந்தம் போட்டு, அதைப் பதிவு செய்யுங்கள். அதில் இந்த நிபந்தனையை எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்: "மேற்படி சர்வே எண்ணுக்கு நில உபயோகச் சான்று பெறப்பட்டு, அதில் உணவக உபயோகத்துக்கு அனுமதிக்கத்தக்க மண்டலம் என வந்தால் மட்டுமே கிரயம் நடைபெறும், இல்லையெனில் முன்பணம் முழுவதும் இத்தனை நாட்களுக்குள் திருப்பித் தரப்படும்."

சான்று வர எடுக்கும் நாட்களையும் சேர்த்துத்தான் ஒப்பந்தத்தின் கெடுவை வைக்க வேண்டும். கெடு முடிந்து சான்று வந்தால், 'நீங்கதான் டைம்ல முடிக்கலை' என்று சொல்லி அட்வான்ஸைப் பிடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. வாசகத்தை வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வரிசை இதுதான்: முதலில் சான்று, பிறகு சாலை அகலம், பிறகு விலை, கடைசியாக அட்வான்ஸ். பெரும்பாலும் இது தலைகீழாக நடப்பதால்தான், கடை கட்ட வாங்கிய மனைகள் பல வருடமாக வேலி போட்டபடியே கிடக்கின்றன.